நிறுத்துவது யாருங்க?

போன வருஷம் திருப்பூர்ல தெரிஞ்சவர் ஒருத்தர் சீனாவிலிருந்து ஒரு வட்ட நிட்டிங் மெஷின் இறக்குமதி பண்ணினார். கூடவே சீன மொழியில ஒரு கையேடு. கூடவே இன்னொன்னு: அதே கையேட்டை மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டு எடுத்த ஆங்கிலப் பிரதி. "நம்ம ஃபிட்டர் பசங்க இதைப் பார்த்துத்தான் ஓட்டப் போறாங்க, நீங்க ஒரு தடவை கண்ணை ஓட்டிக் குடுங்க" என்று கேட்டார். குவாங்சோவில் சில வருஷம் வேலை பார்த்ததால் எனக்குச் சீனம் படிக்கத் தெரியும். இப்ப கோயமுத்தூர் வந்த பிறகு இந்த மாதிரி வேலைகள் அப்பப்ப வரும்.

ஆங்கிலம் நல்லாத்தான் இருந்தது. இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழை இல்லை. ஒரு பக்கத்தில் இரண்டு வரிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தமிழில் சொன்னால் இப்படி:

நூல் அறுந்தால் மெஷின் நின்றுவிடும்.
ஊசி மாற்றும்போது மெஷின் நின்றுவிடும்.

முதல் வரி சரி. நிட்டிங் மெஷினில் ஒவ்வொரு ஃபீடருக்கும் நூல் அறுந்ததைக் கண்டுபிடிக்கிற சென்சார் இருக்கும். நூல் அறுந்தால் விளக்கு எரியும், மெஷின் தானாக நிற்கும். இரண்டாவது வரிதான் என்னை நிறுத்தியது. 30 இஞ்ச் டையா, 24 கேஜ் மெஷினில் 2,200 ஊசிக்கு மேல் இருக்கும். அதில் ஒன்று உடைந்தால் ஆள் போய், கேம் பெட்டியின் சின்னக் கதவைத் திறந்து, அந்த ஊசியை அதற்கு நேராகக் கொண்டுவந்து உருவி எடுக்கணும். அதற்கு முன்னால் மெஷினை நிறுத்த வேண்டியது அந்த ஆள்தான். அவன் ஊசி மாற்றப் போகிறான் என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? இந்த வரியை நம்பிப் புதுசா வந்த பையன் ஒருத்தன் கையை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மூலத்தைத் திறந்து பார்த்தேன். சீனத்தில் இரண்டு வரியும் ஒரே அச்சு. சொல்லுக்குச் சொல் எடுத்து வைத்தால் 'அறு–நூல்–போது–நிறுத்து–மெஷின்', 'மாற்று–ஊசி–போது–நிறுத்து–மெஷின்'. கடைசி இரண்டு சொல்லும் சேர்ந்து 'திங்-ஜி'. அதை 'மெஷின் நிற்கும்' என்றும் படிக்கலாம், 'மெஷினை நிறுத்து' என்றும் படிக்கலாம். சீனக்காரர் எழுதியதில் தப்பில்லை. அதைப் படிக்கிற சீன மெக்கானிக்குக் குழப்பமும் இல்லை, ஏன்னா அவருக்கு மெஷின் தெரியும். ஆங்கிலம் மட்டும், கட்டளையாக இல்லாவிட்டால், எழுவாய் இல்லாமல் வாக்கியம் முடிக்க விடாது. அதனால் மென்பொருள் யாரையாவது ஒருத்தரைப் பிடித்து அந்த இடத்தில் உட்கார வைக்கணும். முதல் வரிக்கு மெஷினை உட்கார வைத்தது, அடுத்த வரியும் அதே மாதிரி இருந்ததால் அங்கேயும் அதையே உட்கார வைத்துவிட்டது.

எழுவாயை விடுவது நமக்கும் புதுசு இல்லை. 'நாளைக்கு அனுப்பறோம்' என்று யாரும் 'நாங்க' சேர்க்காமலே சொல்வோம். ஆனால் அதில் 'ஓம்' இருக்கிறது. 'அனுப்பறீங்க' என்றால் 'ஈங்க' இருக்கிறது. ஆள் வாக்கியத்திலிருந்து போனாலும் வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு இருப்பார். சீன வினைக்கு வாலே கிடையாது. நான், நீ, அவர்கள், நேற்று, நாளை எல்லாவற்றுக்கும் ஒரே உருவம். எழுவாய் போனால் தடயமே இல்லாமல் போய்விடும், முன்னும் பின்னும் பார்த்து நாமாக ஊகிக்கணும். ஜேம்ஸ் ஹுவாங் என்கிற மொழியியலாளர் 1984-இல் எழுதிய கட்டுரையில் இந்த வகையில் ஆங்கிலத்தைச் 'சூடான' மொழி என்றும் சீனத்தைக் 'குளிர்ந்த' மொழி என்றும் பிரித்துப் பேசுகிறார். குளிர்ந்த மொழியில் வாசகன் பாதி வேலையைச் செய்யணும்.

ஆனா தமிழிலும் ஒரு மூலை அப்படியே சீனம் மாதிரிதான் இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? 'வேண்டும்'. 'ஏழு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்' என்றால் தெரிவிப்பது யார்? வால் இல்லை. நம்ம ஊர்ப் பேச்சில் 'சொல்லோணும்' என்றாலும் அதே கதைதான், நானும் சொல்லோணும், நீங்களும் சொல்லோணும். சீனம் முழுக்கவே இப்படி 'ஓணும்' போட்டுப் பேசுகிற மொழி என்று நினைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை விளங்கிவிடும்.

இது கையேட்டை விடக் கடிதத்தில்தான் அதிகம் வலிக்கும். ஒப்பந்தத்தில் பெரும்பாலும் முதல் தரப்பு, இரண்டாம் தரப்பு என்று பெயர் போட்டே எழுதுவார்கள். கடிதத்திலும் சாட்டிலும் அந்தச் சிரமம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொரு வாடிக்கையாளருக்கு, இங்கே கோயமுத்தூரில், மெஷின் கிளம்பும் முன்னால் வந்த கடிதத்தில் ஒரு வாக்கியம்:

வந்து சேர்ந்த பின் உடனே சரிபார்க்க வேண்டும், சேதம் இருந்தால் 7 நாளுக்குள் தெரிவி, இல்லையேல் பொறுப்பேற்பதில்லை.

நாலு வினை, ஒரு எழுவாய்கூட இல்லை. வந்து சேர்வது சரக்கு. சரிபார்ப்பது வாங்குபவர். தெரிவிப்பதும் வாங்குபவர். பொறுப்பேற்காதது விற்பவர். கமாவுக்குக் கமா ஆள் மாறுகிறார். மென்பொருள் தந்த ஆங்கிலத்தில் வாக்கியம் முழுக்க 'வீ', அதாவது 'நாங்கள்'. 'நாங்கள் உடனே சரிபார்ப்போம், சேதம் இருந்தால் 7 நாளுக்குள் தெரிவிப்போம்' என்கிற அர்த்தத்தில் போயிருந்தது. கடிதம் விற்பவருடையது, அதனால் 'நாங்கள்' என்பது அதற்கு நியாயமான ஊகம். இவர் அதைப் படித்துவிட்டு, 'சரி, அவங்க ஆள் வந்து பெட்டியைப் பிரிச்சுப் பார்ப்பாங்க' என்று ஷெட்டில் வைத்துக் காத்திருந்தார். ரெண்டு வாரம் கழித்துப் பிரித்தபோது கன்ட்ரோல் போர்டில் விரிசல். ஏழு நாள் எப்பவோ முடிஞ்சு போச்சு. கடைசியில் பாதி விலைக்கு வேறு போர்டு தந்தார்கள், அதுவும் பல நாள் பேசின பிறகு. கடிதம் என்னிடம் வந்தது அதற்கப்புறம்தான்.

இந்த மாதிரிப் பிழையின் தொல்லை என்னன்னா, ஆங்கிலத்தை மட்டும் படித்தால் கண்டுபிடிக்கவே முடியாது. உளறலாக வந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். இது வழுவழுன்னு வருது. எனவே நான் ஆங்கிலத்தில் 'வீ', 'யூ', 'இட்' வருகிற ஒவ்வொரு இடத்தையும் வட்டமிட்டுவிட்டு, அதற்குரிய சொல் மூலத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். சீனம் தெரியாதவர்கள்கூட இதில் ஓரளவு செய்யலாம். வணிகக் கடிதத்தில் 'எங்கள் நிறுவனம்' என்பதற்கு 我司, 'உங்கள் நிறுவனம்' என்பதற்கு 贵司 என்று எழுதுவது வழக்கம். இந்த இரண்டையும் மூலக் கோப்பில் தேடிப் பாருங்கள். கடிதத்துக்குக் கடிதம் வேறு சொல்லும் வரும், ஆனால் ஆங்கிலத்தில் பதினைந்து 'வீ' இருந்து, மூலத்தில் 我司 இரண்டே இரண்டு என்றால், மிச்சத்தில் பெரும்பாலானவை மென்பொருள் தானாகப் போட்டவையாக இருக்கலாம். எல்லாமே தப்பு என்று அர்த்தம் இல்லை. ஆனால் பார்க்க வேண்டியவை அவை.

அப்புறம்தான் தமிழ் உதவிக்கு வரும். அந்த வாக்கியத்தை 'வேண்டும்' இல்லாமல், வால் வைத்த வினையாகத் தமிழில் எழுதிப் பார்ப்பேன். 'தெரிவிப்போமா, தெரிவிப்பீங்களா?' என்று கேட்டாலே கை நின்றுவிடும், தெரியவில்லை என்பது தெரிந்துவிடும். 'தெரிவிக்க வேண்டும்' என்று தமிழாக்கிவிட்டுப் போனால் பிரச்சினை மூடிக்கொள்ளும். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் மூடிவிட்டுப் போனேன். செயப்பாட்டு வினையும் இதே மாதிரி ஒரு மூடி. 'சரிபார்க்கப்படும்' என்று ஆங்கிலத்தில் வந்தால் இலக்கணம் சரி, மொழிபெயர்ப்பும் சரிதான், ஆனால் யார் என்ற கேள்வி அப்படியே கிடக்கும். செலவோ ஆபத்தோ உள்ள வரியாக இருந்தால் அதையும் வட்டமிடுவேன்.

அடுத்து, துண்டு. சீன எழுத்தில் ஒரு எழுவாயை முதலில் சொல்லிவிட்டு ஐந்தாறு கமா வரை அதையே இழுத்துக்கொண்டு போவார்கள். கையேட்டை எக்ஸெல்லில் ஒவ்வொரு வரியாக வெட்டி மொழிபெயர்த்தால், எழுவாய் முதல் கட்டத்தில் நின்றுவிடும், மிச்சக் கட்டங்கள் அநாதை. இப்போதைய மென்பொருள்கள் முழுப் பத்தியும் கொடுத்தால் கொஞ்சம் பரவாயில்லை, ஒரு கட்டம் மட்டும் கொடுத்தால் அதுக்கும் வேற வழி இல்லை. அதனால் ஆங்கிலத்தைத் திருத்தும் முன் இது எப்படி வெட்டப்பட்டது என்று கேட்பேன். அந்த நிட்டிங் கையேடும் எக்ஸெல்லில் வெட்டினதுதான்.

இதெல்லாம் செய்தும் சில இடம் தீராது. ஊசி மாற்றும் வரி அப்படி. சீனத்தில் 'தானாக' என்ற சொல் இருந்தால் மெஷின், 'கண்டிப்பாக' என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் ஆள். இங்கே ரெண்டும் இல்லை. மொழியைப் பார்த்து முடிவு பண்ண முடியாத இடத்தில் மெஷினைத்தான் பார்க்கணும். ஃபிட்டர் அண்ணனை அழைத்துக்கொண்டு போய் நின்று, "இந்தக் கேம் கதவுல சென்சார் எதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். "இங்க ஒயரே வரலீங்களே." வெளிப்பக்கப் பாதுகாப்புக் கதவில் சென்சார் இருந்தது, கேம் பெட்டியில் இல்லை. ஒரு கேள்வி, ஒரு நிமிஷம்.

எதிர்த் திசையிலும் இது நடக்கும், ஆனால் அங்கே தப்பு நம்மதுதான். நம்ம ஊர் வியாபார ஆங்கிலமும் எழுவாயை விழுங்கும். 'வில் இன்ஸ்பெக்ட் அண்ட் ரிலீஸ் பேலன்ஸ்' என்று வாட்ஸாப்பில் தட்டிவிடுவோம். சீனத்துக்கு எழுவாய் தேவையில்லை என்பதால் மென்பொருள் அதை அப்படியே எழுவாய் இல்லாமல் மாற்றிவிடும், மொழிபெயர்ப்பு கச்சிதம். அங்கே படிக்கிறவர் தன் இஷ்டப்படி ஆளை நிரப்பிக்கொள்வார். சோதனை பண்ணுவது அவங்க, பணம் அனுப்புவது நாம என்று அவர் புரிந்துகொண்டால் கேள்வியே கேட்காமல் நாள் ஓடும். இப்போதெல்லாம் அந்தக் கோயமுத்தூர்க்காரர் ஒவ்வொரு வரியிலும் தன் கம்பெனிப் பெயரையே எழுவாயாகப் போட்டு அனுப்புகிறார். படிக்க ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு. இருக்கட்டும்.

திருப்பூர் மெஷினில் அந்த இரண்டாவது வரியைத் தமிழில் எழுதி, கேம் கதவுக்கு மேலே ஒட்டி வைத்தார்கள்: 'ஊசி மாத்தற ஆள் மொதல்ல மெஷினை நிறுத்தோணும்.'