மைன்கிராஃப்ட் ஆடினால் குமட்டுகிறதா?

மைன்கிராஃப்டில் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே சிலருக்குக் கொட்டாவி வரும், நெற்றி வியர்க்கும், வாயில் எச்சில் ஊறும். பிறகு குமட்டல். கண் ‘நகர்கிறோம்’ என்கிறது. உட்காதிலுள்ள சமநிலை உறுப்போ ‘நாற்காலியில்தான் இருக்கிறோம்’ என்கிறது. இந்த முரண்பாடுதான் காரணம் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

முதலில் நிறுத்தவேண்டியது தலையாட்டத்தை. நடக்கும் உணர்வு வரட்டுமென்று காட்சியை மேலும் கீழும் குலுக்குவது முதல்நபர் விளையாட்டுகளில் வழக்கம். நிஜத்தில் நடக்கும்போது உலகம் அப்படிக் குலுங்குவதில்லையே! தலை அசைந்ததுமே உட்காதிலிருந்து செய்தி போய், கண்கள் எதிர்ப்பக்கம் திரும்பிக் காட்சியை நிலைநிறுத்திவிடுகின்றன. திரை குலுங்கும்போது அந்தச் செய்தி வராது. கணினிக்கான ஜாவா பதிப்பில் Options, பிறகு Video Settings போய் View Bobbing என்பதை OFF ஆக்கினால் போதும். கையில் பிடித்த கோடரியின் ஆட்டமும் நின்றுவிடும். அது பெரிய இழப்பில்லை.

அடுத்தது FOV, அதாவது பார்வைக் கோணம். 24 அங்குலத் திரை 60 செ.மீ. தொலைவில் இருந்தால் கண்ணுக்குச் சுமார் 48 டிகிரி அகலத்தை நிரப்பும். கூடத்தின் எதிர்ச்சுவரிலுள்ள டிவி அதில் பாதியைக்கூட நிரப்பாது. டிவியை மனத்தில் வைத்துக் குறுக்கிய கோணத்தை மேசைத் திரையில் பார்த்தால், குழாய்வழியே பார்ப்பதுபோல் இருக்கும். சின்னத் திருப்பத்துக்கும் படம் மொத்தமாகப் புரளும். கோணத்தை விரித்தால் இது தணியும்.

ஆனால் இங்கே ஓர் எண் குழப்பம் உண்டு. ‘90 வைத்தால் சரியாகும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு மைன்கிராஃப்டிலும் 90 வைப்பவர்கள் இருக்கிறார்கள். மைன்கிராஃப்ட் அளப்பது உயரக் கோணத்தை. அதன் இயல்பு அளவான 70, 16:9 திரையில் கிடைமட்டமாக ஏறத்தாழ 102 டிகிரி. 90 வைத்தால் 121 ஆகிவிடும்! ஓரங்கள் இழுபட்டு, பக்கவாட்டுக் காட்சிகள் விர்ரென்று ஓடி, குமட்டல் கூடவும் கூடும். 2004-இல் வந்த ஹாஃப்-லைஃப் 2-இன் 75 என்பதோ 4:3 திரைக்கான கிடைமட்டக் கணக்கு; இன்றைய அகலத்திரையில் சுமார் 91. ஆகவே ஒரு விளையாட்டின் எண்ணை இன்னொன்றுக்கு எடுத்துப்போகக் கூடாது. ஐந்தைந்தாக நகர்த்திப் பார்ப்பதே நல்லது. ஓடும்போது கோணம் தானாக விரிவதை Accessibility Settings-இல் உள்ள FOV Effects அடக்கும்.

மோஷன் பிளர் மைன்கிராஃப்டில் இயல்பாக இல்லை. ஷேடர் சேர்ப்பவர்களுக்கு வரலாம். திரும்பும்போது முழுப்படமும் இழுபட்டு மங்குவதால் கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்காது. அதை நிறுத்தியதும் படம் வெட்டி வெட்டி ஓடுவதாகத் தெரிந்தால், குறை ஃபிரேம் வேகத்தில் இருக்கிறது. Render Distance-ஐக் குறைத்தால் வேகம் கூடும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்யவேண்டும். குமட்டல் முழுக்க அடங்கியபிறகே அடுத்ததைச் சோதிக்கலாம். முந்தைய மயக்கம் மிச்சமிருந்தால் எந்த அமைப்பும் மோசமாகத்தான் படும்.