உறுமும் கிரைண்டரை என்ன செய்வது?

பக்கத்து வீட்டு அக்காவின் டேபிள் டாப் கிரைண்டருக்குப் பதிமூன்று வயது. அரை மணி நேரத்தில் அரைபட்ட உளுந்து இப்போது ஒரு மணி நேரம் எடுக்கிறது. சில நாள் சுவிட்சைப் போட்டால் ‘ம்ம்ம்’ என்று உறுமிவிட்டு அப்படியே நிற்கும். டிரம்மைக் கையால் ஒரு தள்ளு தள்ளினால் ஓட ஆரம்பிக்கும். கடைக்கு விசாரிக்கப் போனவரிடம், “இதுக்கெல்லாம் இனி பார்ட் கிடைக்காதுங்க்கா, எக்சேஞ்சுல போட்டுட்டு புதுசு எடுத்துக்குங்க” என்று சொல்லியிருக்கிறார்கள். புதியது 5,200 ரூபாய், பழையதற்கு 500 கழித்துக்கொள்வார்கள். “நீ ஒரு தடவ பாத்துட்டு சொல்லு தம்பி” என்று என்னைக் கூப்பிட்டார்.

பார்ட் கிடைக்காது என்ற பேச்சில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. கிரைண்டருக்குள் இருக்கும் சாமான்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பெல்ட், பேரிங், கண்டென்சர், மோட்டாரின் செம்புக் காயில் ஆகியவை எந்தக் கம்பெனிக்கும் சொந்தமானவை அல்ல. அளவு தெரிந்தால் ஊரில் எந்த மோட்டார் பட்டறையிலும் வேலை நடந்துவிடும். வெளிக்கூடு, டிரம், குழவியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தாங்கி, டிரம்மைச் சுழலும் தட்டோடு பூட்டும் பிடிப்பு ஆகியவை அந்தந்த மாடலுக்கென்றே வார்த்தவை. மாடல் நின்றுபோனால் அவையும் நின்றுபோகும். ஆகவே மெஷின் எத்தனை வருஷம் பழையது என்பதைவிட, போனது எந்த வகைச் சாமான் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. மோட்டார் நின்றால் மெஷினையே தூக்கிப் போடுகிறோம், கூடு விரிசல் விட்டால் டேப் ஒட்டி ஓட்டுகிறோம்.

உறுமலுக்கு வருவோம். கிரைண்டரில் இருப்பது மிக்சியின் மோட்டார் அல்ல. மிக்சி மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்துகொண்டே இருக்கும், நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று ஓடும். கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதில் உரசும் பிரஷ் கிடையாது, நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்றுதான். மோட்டாரின் சின்னப் புல்லியிலிருந்து டிரம்மின் பெரிய புல்லிக்கு பெல்ட் போவதால், டிரம் ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் சுற்றுகிறது. மாவு சூடேறாமல் பொங்கி வருவதற்கு இந்த நிதானமே காரணம். உரசல் குறைவு என்பதால் இந்த மோட்டாருக்கு ஆயுசும் கெட்டி. ஆனால் ஒரு குறை உண்டு. வீட்டுக்கு வரும் சிங்கிள் பேஸ் மின்சாரத்தில் இது தானாகக் கிளம்பாது. எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கும். பக்கத்திலிருக்கும் இரண்டாவது காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கண்டென்சர் சற்று முன்தள்ளிக் கொடுக்கிறது. அந்த வித்தியாசம்தான் மோட்டாரை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது.

கண்டென்சர் வயதாக ஆகத் தன் கொள்ளளவை இழக்கும். முழுதாகச் செத்துப் போவதற்கு முன்பே பலவீனமாகிவிடும்; அப்போது மோட்டார் காலி டிரம்மைச் சுற்றும், உளுந்து போட்டால் உறுமும். கையால் தள்ளினால் ஓடுகிறது என்று அக்கா சொன்னபோதே பாதி நோய் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த அறிகுறியை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. பேரிங் இறுகினாலும் மோட்டார் இதே மாதிரி உறுமும். அதனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குழவிகளைக் கழற்றி, டிரம்மைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். தங்குதடையின்றிச் சுற்றினால் சந்தேகம் கண்டென்சர் மேல்; இறுக்கமாகவோ கரகரவென்றோ சுற்றினால் பேரிங் மேல். கண்டென்சரை நேரே தொட்டுப் பார்க்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கக்கூடும். பட்டறைக்காரர் அதை இறக்கி மீட்டரில் வைப்பார். மேலே எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவுக்கும் மீட்டர் காட்டும் அளவுக்கும் நல்ல வித்தியாசம் இருந்தால் மாற்ற வேண்டியதுதான். அக்காவுடையதில் 6 என்று எழுதியிருந்தது, மீட்டர் 4-க்கும் குறைவாகக் காட்டியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உறுமும் மோட்டாரை ‘கொஞ்ச நேரத்தில் ஓடும்’ என்று சுவிட்சைப் போட்டபடி விடுவது பெரிய தவறு. சுற்றாமல் நிற்கும் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும், காயில் சில நிமிடங்களில் கருகிவிடும். நூறு ரூபாய்க்குள் முடிய வேண்டிய செலவு இப்படித்தான் ஆயிரமாகிறது.

அக்காவுடைய டிரம்மைச் சுற்றியபோது கரகர சத்தமும் வந்தது. அடியைத் திருப்பினால் நடுத்தண்டைச் சுற்றித் துருநீர் வடிந்த தடம். டிரம்மைக் கழுவும்போது நடுவில் சிந்தும் தண்ணீர் கீழே இறங்காமல் தடுப்பது ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம். அது காய்ந்து விரிசல் விட்டதும் உளுந்துத் தண்ணீர் பேரிங்குக்குள் போய் கிரீஸை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. பேரிங்கை மட்டும் மாற்றி ஐம்பது ரூபாய்கூட ஆகாத சீலை விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் அதே சத்தம் திரும்ப வரும். பேரிங்கின் பக்கவாட்டில் 6202 என்பது போல ஒரு எண் பொறித்திருக்கும். உலகத்தில் எங்கே செய்தாலும் 6202 என்றால் உள்விட்டம் 15 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 35. ‘பார்ட் கிடைக்காது’ என்பவரிடம் இந்த எண்ணைக் காட்டலாம்.

மெதுவாக அரைப்பதற்குக் காரணம் இன்னொன்று. டிரம் திணறும்போது மோட்டார் சத்தம் மாறாமல் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். ரப்பர் தீய்ந்த வாசனை வரும், அடியில் கறுப்புத் தூள் கொட்டியிருக்கும். பல மாடல்களில் மோட்டார் உட்கார்ந்திருக்கும் போல்ட் துளைகள் நீளவாக்கில் இருக்கும். போல்ட்டைத் தளர்த்தி மோட்டாரைக் கொஞ்சம் பின்னால் இழுத்து முடுக்கினாலே போதும், செலவே இல்லை. அதற்காக வீணைத் தந்தி போல இழுத்துக் கட்டிவிட்டால் பேரிங் தேயும். விரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்க வேண்டும். அக்காவின் பெல்ட் இழுத்துக் கட்டும் நிலையைத் தாண்டி, உள்பக்கம் கண்ணாடி போலப் பளபளத்துக் கிடந்தது.

கல்லையும் தடவிப் பார்த்தேன். வருஷக்கணக்கில் ஓடிய கல் வழவழப்பாகிவிடும். அப்போது பெல்ட்டும் மோட்டாரும் சரியாக இருந்தாலும் மாவு நைசாக நேரமாகும். கொத்துகிறவர் உளியால் கொத்திக் கொடுப்பார். கொத்திய பின் பழைய அரிசி கொஞ்சம் போட்டு அரைத்துக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் இட்லியில் மணல் கடிபடும். மாவில் சாம்பல் நிறமோ கறுப்புக் கோடோ தெரிந்தால் குழவிக்குள் இருக்கும் நைலான் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிரம்மின் அடிக்கல் பெயர்ந்து ஆடினாலோ, உடைந்த தாங்கிக்கு அந்த மாடலில் மாற்று கிடைக்காவிட்டாலோ நான் பழுதுபார்க்கச் சொல்ல மாட்டேன். டிரம்மைத் தொடும்போது ஷாக் அடித்தால் அன்றே நிறுத்த வேண்டும். ஈரக்கையோடு தொடும் மெஷின் இது. பட்டறையில் மெகர் வைத்துப் பார்த்து, கசிவு வயரிலா காயிலிலா என்று தெரிந்த பிறகே மற்றக் கணக்கு. நல்லவேளை, அக்காவுடையதில் கல் உறுதி, கூடு முழுசு, ஷாக் இல்லை.

பட்டறையில் சொன்ன கணக்கு இது: பெல்ட் 160, பேரிங் இரண்டு 260, சீல் 40, கண்டென்சர் 90, கூலி 400. ஆக 950 ரூபாய். புதியதற்கு எக்சேஞ்ச் போகக் கையிலிருந்து 4,700. அந்த 500 உண்மையான தள்ளுபடியா என்பதையும் கேட்க வேண்டியிருந்தது. பழையது இல்லாமல் வாங்கினால் என்ன விலை என்று விசாரித்தால் சில கடைகளில் அதே 4,700-க்கு இறங்கிவிடுவார்கள். புதியது பத்து வருஷம் ஓடும் என்று வைத்தால் வருஷத்துக்கு 470 ரூபாய். அப்படியானால் இந்த 950 ரூபாய் வேலை இரண்டு வருஷம் தாங்கினாலே சமமாகிவிடும். புது பேரிங்கும் பெல்ட்டும் சீலும் அதைவிடக் கூடுதலாகவே தாங்கும்.

காயிலும் போயிருந்தால்? காயில் கட்ட இன்னொரு 1,000 சேர்ந்து 1,950 ஆகும். அப்போது நாலு வருஷத்துக்கு மேல் ஓடினால்தான் சமம். மோட்டார் தாங்கும், பதிமூன்று வயதுப் பிளாஸ்டிக் கூடும் பிடிப்பும் தாங்குமா என்பதே கேள்வி. அந்த நிலையில் அக்காவிடம் புதியதையே வாங்கச் சொல்லியிருப்பேன், ஐந்தாறு வயது மெஷினாக இருந்தால் காயில் கட்டச் சொல்லியிருப்பேன். காயில் கட்டக் கொடுக்கும்போது செம்புக் கம்பியா அலுமினியமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். உருவி எடுக்கும் பழைய செம்புக்கு எடைக்கு விலை உண்டு; அதைக் கூலியில் கழிக்கச் சொல்வது பேராசை அல்ல.

“புதுசுன்னா கரண்ட் மிச்சமாகுமாமே” என்றார் அக்கா. பழைய பிரிட்ஜுக்கு இந்த வாதம் பொருந்தும், அது இரவு பகலாக ஓடுகிறது. இரண்டு லிட்டர் கிரைண்டர் மோட்டார் பொதுவாக 150 வாட். அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டில் பதின்மூன்றில் ஒரு பங்கு. வாரத்துக்கு மூன்று தடவை அரைத்தாலும் வருஷம் முழுக்கப் பன்னிரண்டு யூனிட்டுக்குள் அடங்கிவிடும். யூனிட் ஐந்து ரூபாய் என்றால் அறுபது ரூபாய். அதில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? சொல்லப்போனால், வழுக்கும் பெல்ட்டோடு ஒரு மணி நேரம் ஓடியதில்தான் இரட்டிப்பாகச் செலவாகிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் கிரைண்டர் திரும்பி வந்தது. உளுந்து முப்பத்தைந்து நிமிடத்தில் பொங்கி எழுந்தது. கல்லையும் கொத்தியிருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் குறைந்திருக்கும், அக்காதான் கொத்துக்காரருக்குக் காத்திருக்க முடியாது என்றுவிட்டார். பழைய பெல்ட்டின் எண்ணையும் பேரிங் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி, கிரைண்டரின் அடியில் ஒட்டிக் கொடுத்தேன்.