சுண்டு விரல் மரத்துப்போகிறதா? முழங்கையைப் பாருங்கள்!

டிராக்டர் மட்கார்டில் முழங்கையை ஊன்றியபடியே நாள் முழுக்க உழவு ஓட்டுகிறார் ஒருவர். மாலையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மட்டும் எறும்பு ஊர்வதுபோல் மரத்துப்போகின்றன. விரலுக்கு எண்ணெய் தேய்த்துப் பயனில்லை, கோளாறு முழங்கையில்.

முழங்கையின் உள்பக்க எலும்பு முண்டுக்குப் பின்னால், தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு போகிறது. இடித்துக்கொண்டால் 'சுரீர்' என்று ஷாக் அடிக்குமே, அதேதான். ஊன்றினால் அது நசுங்கும். கையை மடக்கினால் இழுபடும். மடக்கியபடி தூங்குபவர்களுக்கு விடியற்காலையில் மரப்பு அதிகம் தெரிவது அதனால்தான். மோதிர விரலில் சுண்டு விரலை ஒட்டிய பாதி மட்டும் மரத்திருந்தால், பெரும்பாலும் இந்த நரம்புதான்.

ஊன்றுவதை நிறுத்துங்கள். இரவில் முழங்கையைச் சுற்றித் துண்டைத் தளர்வாகக் கட்டிப் படுத்தால் கை அதிகம் மடங்காது. சில வாரங்களில் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். பிடி தளர்ந்தாலோ, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே சதை வற்றினாலோ காத்திருக்கவே கூடாது. வற்றிய சதை முழுதாகத் திரும்புவது கடினம்.