மாமாவிடம் கைமாத்து

கைமாத்து கேட்கிறவர் பெரும்பாலும் தன் கஷ்டத்தைச் சொல்லித்தான் தொடங்குவார். கொடுக்கிறவர் மனதில் ஓடுவது வேறு. எவ்வளவு, எதற்கு, எப்போது திரும்பி வரும்? கடைசிக் கேள்வியைச் சொந்தக்காரர் வாய்விட்டுக் கேட்கமாட்டார். அதனால் பதிலை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும்.

மகளின் கல்லூரிக் கட்டணம் 75,000 ரூபாய், ஜூன் 20க்குள் கட்டியாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையில் 45,000தான் இருக்கிறது. சீட்டுப் பணம் ஆகஸ்ட் 5ஆம் தேதி வரும். தாய்மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதலாம்:

“மாமா, பெரியவளுக்கு காலேஜ் ஃபீஸ் ஜூன் 20க்குள்ள கட்டணும். 30,000 ரூபா குறையுது. கைமாத்தா தர முடியுமா? ஆகஸ்ட் 5 சீட்டுப் பணம் வருது. 10ஆம் தேதி உங்க அக்கவுன்ட்டுல முழுசாப் போட்டுடறேன். சீட்டு தள்ளிப்போனா ஆகஸ்ட், செப்டம்பர் சம்பளத்துல 15,000, 15,000ஆ தந்துடறேன். இப்போ தோதுப்படலைன்னா தயங்காம சொல்லுங்க, நகையை வெச்சு சமாளிச்சுக்கறேன். 14ஆம் தேதிக்குள்ள சொன்னாப் போதும்.”

பணம் 5ஆம் தேதி வந்தாலும் வாக்குக் கொடுத்தது 10ஆம் தேதிக்கு. சீட்டுப் பணம் சொன்ன நாளில் கைக்கு வராமல் போவது நமக்குத் தெரிந்ததுதான். அந்த ஐந்து நாள் இடைவெளி நம் வாக்கைக் காப்பாற்றும். “சீக்கிரம் தந்துடறேன்” என்று எழுதினால், அது நமக்கு மூன்று மாதம், மாமாவுக்கு மூன்று வாரம். மனத்தாங்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

சம்பளத்திலிருந்து தருவதாகச் சொன்ன 15,000, வீட்டுச் செலவு போக உண்மையிலேயே மிஞ்சும் தொகையாக இருக்க வேண்டும். மிஞ்சுவது 10,000 என்றால் மூன்று தவணை என்றே எழுதுங்கள்.

நகை பற்றிய வரியை நான் முக்கியமாக நினைக்கிறேன். வேறு வழியும் இருக்கிறது என்று தெரிந்தால்தான் மாமாவால் மனம் நோகாமல் மறுக்க முடியும். வழி இல்லாவிட்டால் இருப்பதாக எழுதக்கூடாது. “தயங்காம சொல்லுங்க” என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். போனில் கேட்டால் அந்த நொடியே பதில் சொல்லியாக வேண்டிய நெருக்கடி அவருக்கு. செய்தியாக அனுப்பினால், அத்தையிடம் கலந்து பேசி முடிவெடுப்பார். குடும்ப குரூப்பில் போடாமல் அவருக்கு மட்டும் அனுப்புங்கள். அம்மாவை விட்டுச் சிபாரிசு சொல்ல வைக்காதீர்கள்.

பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. உறவினர் கடனுக்கும் இது பொருந்தும். வங்கிக் கணக்கில் தேதியும் தொகையும் தானாகவே பதிவாகிவிடும் என்பதால், பத்திரம் கேட்கும் சங்கடம் மாமாவுக்கு இல்லை.

சீட்டு தள்ளிப்போகிறது என்று ஆகஸ்ட் 6ஆம் தேதி தெரிந்தால், அன்றைக்கே சொல்லிவிடுங்கள்: “மாமா, சீட்டுப் பணம் வரலை. ஆகஸ்ட் 31 சம்பளத்துல 15,000 போடறேன், மீதி செப்டம்பர் 30.” இதை 10ஆம் தேதிக்கு முன்பே சொன்னால் அது தகவல். 11ஆம் தேதி சொன்னால் சாக்கு.