விபத்து அங்கே, வழக்கு இங்கே

1960 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரைச் சேர்ந்த ஒரு தம்பதி வார விடுமுறைக்காகக் காரில் கனடாவுக்குக் கிளம்பினார்கள். தோழி ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டார்கள். ஒன்டாரியோ மாகாணத்தில் போய்க்கொண்டிருந்தபோது, வண்டி கட்டுப்பாட்டை இழந்து சாலையை விட்டு விலகி, ஓரத்துக் கல்சுவரில் மோதியது. தோழிக்குப் பலத்த காயம். ஊர் திரும்பியதும், காரை ஓட்டிய நண்பர்மீது நியூயார்க்கிலேயே நஷ்டஈட்டு வழக்குப் போட்டார்.

நண்பர்மீதே வழக்கா என்று தோன்றும். பணம் தரவேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனி. ஓட்டியவர் பொறுப்பாளி என்று தீர்ப்பு வந்தால்தான் அது தரும்.

குறுக்கே நின்றது ஒன்டாரியோ சட்டம். காசு வாங்காமல் ஏற்றிச் சென்றவருக்கு அடிபட்டால், ஓட்டியவர் பொறுப்பில்லை என்றது அது. நியூயார்க்கில் அப்படி ஒரு தடை கிடையாது. ஆனால் விபத்து நடந்த இடத்தின் சட்டம்தான் பொருந்தும் என்பது அன்றைய நீதிமன்றங்களின் வழக்கம். கீழ் நீதிமன்றங்கள் அதன்படியே வழக்கைத் தள்ளின.

1963-இல் நியூயார்க்கின் உச்ச நிலை நீதிமன்றம் அதை மாற்றியது. தீர்ப்பை எழுதிய ஸ்டான்லி ஃபுல்ட், ஒன்டாரியோ ஏன் அப்படிச் சட்டம் போட்டது என்று பார்த்தார். பயணியும் ஓட்டுநரும் கூட்டுச் சேர்ந்து இன்சூரன்ஸ் கம்பெனியை ஏமாற்றக்கூடாது என்பதற்காக. எந்தக் கம்பெனியை? ஒன்டாரியோவில் உள்ளதை. இங்கே அழைத்தவர், போனவர், கார், இன்சூரன்ஸ் எல்லாமே நியூயார்க். பயணம் தொடங்கியதும் அங்கே, முடிய இருந்ததும் அங்கே. அந்தக் கல்சுவர் எல்லைக்கு அப்பால் இருந்தது தற்செயல். ஆகவே பயணி வழக்குப் போடலாமா என்பதை நியூயார்க் சட்டமே சொல்லும் என்றார்.

அதே சமயம், கார் ஓட்டிய விதம் சரியா என்பதற்கு ஒன்டாரியோவின் சாலை விதிகளே அளவுகோல் என்றும் சொன்னார். ஒரே வழக்கில் ஒரு கேள்விக்கு ஓர் ஊர்ச் சட்டம், இன்னொரு கேள்விக்கு வேறோர் ஊர்ச் சட்டம். இந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இதற்கும் எல்லை உண்டு. 1972-இல் அதே நீதிமன்றத்துக்கு இன்னொரு வழக்கு வந்தது. நியூயார்க்காரர் ஒருவர், ஒன்டாரியோவாசி ஒருவரை ஒன்டாரியோவிலேயே காரில் ஏற்றிக்கொண்டார். ரயில்வே கேட்டில் ரயில் மோதி இருவரும் இறந்தார்கள். பயணியின் மனைவி நியூயார்க்கில் வழக்குப் போட்டார். பயணியின் ஊரும் விபத்து நடந்த இடமும் ஒன்டாரியோ என்பதால், அந்த மாகாணச் சட்டமே பொருந்தும் என்றது நீதிமன்றம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2009 ஜனவரி முதல் இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது. ‘ரோம் 2’ என்று பெயர். பொதுவாக, பாதிப்பு நேர்ந்த நாட்டின் சட்டம். இரு தரப்பும் ஒரே நாட்டில் வசிப்பவர்கள் என்றால், அந்த நாட்டின் சட்டம். பழுதான பொருளால் காயம்பட்டால், அவர் வசிக்கும் நாட்டில் அந்தப் பொருள் விற்பனையில் இருந்ததா என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. மியூனிக்கில் வசிக்கும் இரண்டு நண்பர்கள் இத்தாலியில் ஒரே காரில் போய் விபத்தில் சிக்கினால், நஷ்டஈடு ஜெர்மன் சட்டப்படி. வேகம் மீறினாரா என்று பார்ப்பது இத்தாலியச் சாலை விதிகளை வைத்து.