கைபேசியில் முடிந்தது, டிவியில் முடியவில்லை

அப்பா டிவியில் தெரியும் குறியீட்டைப் படமெடுத்து, வெளியூர் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். மகன் அலுவலக வேலை முடித்து அதை அடிக்கும்போது, ‘குறியீடு தவறு’ என்கிறது கைபேசி. எழுத்துப் பிழை எதுவும் இல்லை. குறியீட்டின் ஆயுள்தான் முடிந்துவிட்டது. எவ்வளவு நேரம் என்பதை அந்தந்த நிறுவனமே வைக்கிறது.

இந்த முறையில் கைபேசியும் டிவியும் நேரடியாகப் பேசிக்கொள்வதே இல்லை. அதனால்தான் மகன் வேறு ஊரில் இருந்தும் இணைக்க முடிகிறது. 2019-இல் வெளியான RFC 8628 என்ற தரவரையறைப்படி, டிவி குறியீட்டைக் காட்டிவிட்டு, ‘அனுமதி கிடைத்ததா?’ என்று நிறுவனத்தின் சர்வரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். வேறு இடைவெளி சொல்லப்படாவிட்டால் 5 விநாடிக்கு ஒருமுறை. க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். தட்டச்சு வேலை மட்டும் மிச்சம்.

கைபேசி ‘இணைந்தது’ என்று சொல்லியும் டிவி அசையாவிட்டால், கேட்பது நின்றுபோயிருக்கலாம்: வைஃபை அறுந்திருக்கும், அல்லது செயலி உறைந்திருக்கும். பழைய குறியீட்டையே திரும்பத் திரும்ப அடிப்பது வீண். டிவியில் வேறொரு செயலி ஓடுகிறதா என்று பார்த்து இணையத்தை உறுதிசெய்துகொண்டு, சிக்கலான செயலியை முழுவதும் மூடித் திறந்து, புதுக் குறியீட்டை மகனுக்குத் தொலைபேசியிலேயே வாசித்துக் காட்டலாம்.