மெஸ் கணக்கிலிருந்து தொடங்கலாம்

நேர்காணலில் உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி எல்லாருக்கும் தெரிந்ததுதான். "உங்களைப் பத்திச் சொல்லுங்க." பத்து வருடம் வேலை பார்த்தவர் பார்த்த வேலைகளை வரிசையாகச் சொல்லிவிடுவார். இன்டர்ன்ஷிப்புக்கு வந்திருக்கும் கல்லூரி மாணவிக்குத்தான் தொண்டை வறண்டுபோகிறது.

இதற்காகவே நம் கல்லூரிகளில் சீனியரிடமிருந்து ஜூனியருக்கு ஒரு மனப்பாடம் கைமாறி வருகிறது. பெயர், சொந்த ஊர், அப்பா விவசாயி, அம்மா இல்லத்தரசி, பத்தாவது மதிப்பெண், பன்னிரண்டாவது மதிப்பெண், பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது, பலம் கடின உழைப்பு. 'மைசெல்ஃப்' என்று தொடங்கி 'தட்ஸ் ஆல் அபவுட் மீ' என்று முடியும். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் அன்று வந்திருக்கும் இருபது பேரும் இதையே சொன்னால் யாரை யார் என்று அடையாளம் காண்பது? ஊரும் மதிப்பெண்ணும் ரெஸ்யூமிலேயே இருக்கின்றன.

கேட்பவர் பக்கம் கொஞ்சம் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பல நேரம் அந்த ரெஸ்யூமை அவர் அப்போதுதான் திறந்திருப்பார். பேச்சை எங்கே தொடங்கலாம் என்று ஒரு நுனி தேடுகிறார். இன்டர்ன்ஷிப்புக்கு வருபவருக்கு அனுபவம் இருக்காது என்பது அவருக்குத் தெரியும். கொடுத்த வேலையை இந்தப் பெண் முடிப்பாரா, மாட்டிக்கொண்டால் என்ன செய்வார், இவ்வளவுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அதனால் "எனக்கு எக்ஸ்பீரியன்ஸ் எதுவும் இல்லை சார்" என்று மன்னிப்புக் கேட்டுத் தொடங்க வேண்டியதே இல்லை.

அவருக்குக் கொடுக்க வேண்டியது நீங்கள் தொடங்கி முடித்த ஒரு சின்ன வேலை. ஒன்று போதும்.

நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நேர்காணல். "நான் ஒண்ணுமே பண்ணலையே" என்கிறார். கிண்டிக் கேட்டால் மெல்ல ஒன்று வெளியே வருகிறது. அவர் விடுதியில் 180 பேர். யார் ராத்திரி சாப்பிடுவார்கள் என்று தெரியாமல் 180 பேருக்கும் சமைப்பார்கள். வெள்ளி, சனியில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட, சோறு மிஞ்சும். இவர் ஒரு கூகுள் ஃபார்ம் போட்டு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினார். தினமும் மதியம் மூன்று மணிக்குள் பதிவு எண்ணைப் போட்டு, சாப்பிடுவோமா இல்லையா என்று சொல்ல வேண்டும். ஷீட்டில் வரும் எண்ணிக்கையை வார்டனிடம் கொடுப்பார். இதை ரெஸ்யூமில் போடவே இல்லை. "அதெல்லாம் ஒரு ப்ராஜெக்டா?" என்று கேட்கிறார்.

அதுதான் ப்ராஜெக்ட். அதில் ஒரு பிரச்சினை, அதைப் பயன்படுத்திய மனிதர்கள், ஒரு முடிவு எல்லாம் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கி, அட்டை போட்டு வைத்திருக்கும் மினி ப்ராஜெக்டைவிட இதற்கு மதிப்பு அதிகம். ஏனென்றால் இதைப் பற்றி எந்தக் கேள்வி கேட்டாலும் அவருக்குப் பதில் தெரியும்.

இனி அவர் இப்படிச் சொல்லலாம்:

"நான் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாவது வருஷம் படிக்கிறேன் சார். எங்க ஹாஸ்டல்ல 180 பேர், தினமும் சாப்பாடு மிஞ்சும். போன செமஸ்டர்ல ஒரு ஃபார்ம் போட்டு, தினமும் எத்தனை பேர் சாப்பிடுவாங்கன்னு கணக்கெடுத்து வார்டன் மேடம்கிட்ட கொடுக்க ஆரம்பிச்சேன். முதல் வாரம் கணக்கு தப்பா வந்துச்சு. ஏன்னு கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு. இப்ப அதை வெச்சுதான் சமைக்கிறாங்க. அதுக்கப்புறம் டேட்டாபேஸ் ஒழுங்கா கத்துக்கணும்னு தோணி, எஸ்.க்யூ.எல். படிச்சிட்டிருக்கேன். நீங்க கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பண்றீங்கன்னு பார்த்தேன். அங்கயும் கணக்கு தப்பாம இருக்கணும்கிறதால இங்க கத்துக்க ஆசைப்படறேன். ஜூன் ஒண்ணுலருந்து ஆறு வாரம் வர முடியும்."

நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் வரியில் இப்போது யார், நடுவில் செய்தது, கடைசியில் ஏன் இங்கே, எப்போது வர முடியும். தேதியைச் சொல்வது சின்ன விஷயமாகத் தெரியலாம்; ஆனால் இன்டர்ன் எடுப்பவர் எப்படியும் கேட்டாக வேண்டிய ஒன்று அது.

அந்தப் பேச்சில் ஒரு வரி வேண்டுமென்றே பாதியில் நிற்கிறது. "முதல் வாரம் கணக்கு தப்பா வந்துச்சு." ஏன் என்று அவர் சொல்லவில்லை. கேட்பவர் மனிதர்தானே, அடுத்த கேள்வி அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். "ஏம்மா தப்பா வந்துச்சு?"

இங்கேதான் உண்மையான நேர்காணல் தொடங்குகிறது, அதுவும் அவருக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில். சிலர் சந்தேகத்தில் ஒரே நாளில் இரண்டு முறை ஃபார்மை நிரப்பியிருந்தார்கள். அவர் போட்டிருந்த COUNTIF 'ஆம்' என்றிருக்கும் வரிகளைத்தான் எண்ணும், ஆட்களை எண்ணாது. 92 பேருக்கு 101 என்று காட்டியது. பிறகு பதிவு எண்ணை வைத்து, 'ஆம்' என்றவர்களில் ஒருவரை ஒரு முறை மட்டும் எண்ணும்படி COUNTUNIQUEIFS போட்டு மாற்றினார். இதை விளக்க ஆரம்பித்ததும் குரலில் நடுக்கம் போய்விடும்; கை தானாக மேசைமேல் வரிகளை வரைந்து காட்டும்.

அறிமுகம் எடுபட்டதா என்று அந்த இடத்திலேயே கண்டுகொள்ளலாம். அடுத்த கேள்வி நீங்கள் சொன்னதிலிருந்து வந்தால் எடுபட்டது. அவர் "ஓகே" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தைப் புரட்டினால், பிடித்துக்கொள்ள அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வழுக்கி விழும் இடமும் இதே நடுப்பகுதிதான். நான்கு பேர் சேர்ந்து செய்த செயலியை "நான் செய்தேன்" என்று சொல்வார்கள். "லாகின் பண்ணும்போது பாஸ்வேர்டை எப்படிச் சேமிச்சீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி வரும். அதைச் செய்தது நண்பன். அதற்குப் பிறகு இவர் சொல்லும் உண்மையும் எடுபடாது. "நாலு பேர் பண்ணோம், நான் பார்த்தது ரிப்போர்ட் வர்ற பக்கம் மட்டும்" என்று எல்லையைச் சொல்லிவிட்டால் கேள்வி அந்தப் பக்கத்துக்கே வரும்.

ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தால் இதே வாக்கியங்களைச் சின்னச் சின்னதாகச் சொன்னால் போதும். தமிழ்வழியில் படித்தவர்கள் இந்த இடத்தில்தான் முழுப் பதிலையும் எழுதி நெட்டுரு போடுகிறார்கள். நடுவில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். அதற்குப் பதில் ஒரு துண்டுத் தாளில் ஐந்து சொற்களை மட்டும் எழுதிக்கொள்ளலாம்: மூன்றாம் ஆண்டு, மெஸ், தப்பு, பில்லிங், ஜூன். அதைப் பார்த்து நான்கைந்து முறை சொல்லி போனில் பதிவு செய்து கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வாக்கியம் கொஞ்சம் மாறி வந்தால் நல்லது. நிமிடம் ஒன்றரையைத் தாண்டினால், வெட்ட வேண்டியது பெரும்பாலும் தொடக்கத்தில் இருக்கும் ஊரும் குடும்பமும்தான். அப்பாவின் நெல் கொள்முதல் கணக்கை நீங்கள் எழுதுகிறீர்கள் என்றால் மட்டும் அது இருக்கட்டும். அதுவும் செய்த வேலைதான்.

நேர்காணலில் பாதி சொல்லும்போதே அவர் குறுக்கிட்டு, "அந்த ஃபார்மை எல்லாரும் ஒழுங்கா நிரப்பினாங்களா?" என்று கேட்டால், மீதியை அங்கேயே விட்டுவிட்டு அதற்குப் பதில் சொல்லுங்கள். ஜூன் தேதியைக் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளலாம்.